சப்டிவிஷன் சர்ஃபேஸில் வழவழப்பும் வேண்டும், கூர்மையும் வேண்டும்: கிரீஸை எங்கே, எவ்வளவு கொடுப்பது?

கேள்வி: பிளெண்டரில் ஒரு வட்டக் குமிழ் செய்கிறேன். Subdivision Surface போட்டதும் எல்லா விளிம்பும் தேய்ந்த சோப்புக்கட்டி மாதிரி ஆகிவிடுகிறது. கிரீஸ் 1 கொடுத்தால் கத்தி முனை மாதிரி இருக்கிறது. 0.5 கொடுத்தால் ஓரிடத்தில் ஒரு மாதிரியும் இன்னோர் இடத்தில் வேறு மாதிரியும் வளைகிறது. எங்கே எவ்வளவு கொடுக்க வேண்டும்?

பதில்:

ஒரே 0.5 இரண்டு இடத்தில் இரண்டு விதமாக வளைவதற்குக் காரணம், அந்த எண் வளைவின் ஆரத்தைச் சொல்வதில்லை என்பதுதான். எத்தனை சுற்றுப் பிரிப்பு வரைக்கும் அந்த எட்ஜைக் கூர்மையாகவே வைத்திருக்க வேண்டும் என்பதைத்தான் அது சொல்கிறது. இது பிடிபட்டால் மிச்சமெல்லாம் சின்னக் கணக்கு.

கேட்மல்–கிளார்க் முறை 1978-இல் வந்தது. அதில் ஒவ்வொரு சுற்றிலும் ஒவ்வொரு நாற்கர ஃபேஸும் நான்காகப் பிரியும், எல்லாப் புள்ளிகளும் அக்கம்பக்கத்துப் புள்ளிகளின் பக்கம் கொஞ்சம் இழுபடும். அந்த இழுப்புதான் வழவழப்பு. ‘இத்தனை சுற்றுக்கு மட்டும் கூர்மை, அப்புறம் வழவழப்பு’ என்ற அரைக்கூர்மை கிரீஸை 1998-இல் டிரோஸ், காஸ், ட்ருவோங் மூவரும் பிக்சாரின் வேலைக்காக எழுதினார்கள். இன்று பிளெண்டர் பயன்படுத்தும் ஓபன்சப்டிவ் நூலகத்திலும் அதே விதிதான். அங்கே கூர்மை 0 முதல் 10 வரை போகும், 10 என்றால் எப்போதும் கூர்மை. கூர்மை 2 என்றால் முதல் இரண்டு சுற்றுக்கு அந்த எட்ஜ் தன் கோட்டை விட்டு விலகாது. மூன்றாவது சுற்றிலிருந்து மற்ற எட்ஜ்களைப் போலவே இளகும்.

பிளெண்டரில் நீங்கள் கொடுக்கும் 0 முதல் 1 வரையான எண், உள்ளே இப்படி மாறுகிறது:

```
sharpness = crease * crease * 10
```

வர்க்கம் இருப்பதால் நடுவில் உள்ள எண்கள் ஏமாற்றும். 0.5 என்பது பாதிக் கூர்மை 5 அல்ல, 2.5. ஒரு முழுச் சுற்றுக்கு 0.316 வேண்டும், இரண்டு சுற்றுக்கு 0.447, மூன்றுக்கு 0.548. வேலையில் அதிகம் தேவைப்படுவது இந்த மூன்று எண்கள்தான்.

இனி அகலத்துக்கு வருவோம். எட்ஜ் இளகத் தொடங்கும்போது, வளைவு எட்ஜிலிருந்து இருபுறமும் அந்த நேரத்தில் உள்ள ஒரு சின்ன ஃபேஸ் தூரம் வரைக்கும்தான் பரவும். அதற்கு அப்பால் பரப்பு தட்டையாகவே இருக்கும். ஆகவே எட்ஜை ஒட்டிய ஃபேஸின் அகலம் h என்றும், கூர்மை s என்றும் வைத்தால், வளைவின் அகலம் ஒவ்வொரு பக்கமும் h-ஐ s முறை பாதியாக்கியது. 20 மி.மீ. அகல ஃபேஸை ஒட்டிய எட்ஜில் கூர்மை 2 வைத்தால் வளைவு 5 மி.மீ. அதே கூர்மை 4 மி.மீ. ஃபேஸை ஒட்டி இருந்தால் 1 மி.மீ. தான். நீங்கள் பார்த்த ‘வேறு மாதிரி’ இதுதான். தேவையான அகலம் தெரிந்தால் எண்ணை இப்படி எடுக்கலாம்:

```
import math
h = 5.0    # எட்ஜை ஒட்டிய ஃபேஸின் அகலம்
r = 2.5    # வேண்டிய வளைவின் அகலம்
s = math.log2(h / r)
print(math.sqrt(s / 10))   # 0.316
```

இந்த அகலத்தை இயந்திர வரைபடத்தில் வரும் ஃபில்லட் ஆரமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். சப்டிவிஷன் வளைவு வட்ட வில் அல்ல. ஓரங்களில் தட்டையாகத் தொடங்கி நடுவில் இறுகும். 2.5 மி.மீ. அகல வளைவு, 90 பாகை மூலையில் கண்ணுக்கு ஏறத்தாழ 1.4 மி.மீ. ஃபில்லட் போலத் தெரியும். துல்லியமான ஆரம் கட்டாயம் என்றால் கிரீஸை விட்டுவிடுங்கள். Subdivision Surface-க்கு மேலே Bevel மாடிஃபையரை வைத்து, அகலத்தை மி.மீ.-இலேயே கொடுப்பதுதான் சரி.

ஆக, கிரீஸ் மட்டும் தனியாக எதையும் தீர்மானிப்பதில்லை. எட்ஜை ஒட்டி வெட்டும் லூப் ஃபேஸின் அளவை வைக்கிறது, கிரீஸ் அந்த அளவை எத்தனை முறை பாதியாக்குவது என்று சொல்கிறது. இரண்டையும் சேர்த்துப் பிடித்தால்தான் குமிழ் நினைத்தபடி வரும்.

குமிழை எடுத்துக்கொள்வோம்

விட்டம் 40 மி.மீ., உயரம் 20 மி.மீ. மேல் விளிம்பு விரலுக்கு மெதுவாக, அடி விளிம்பு பலகையில் ஒட்டி உட்காரும்படி கூர்மையாக, மேலே திசை காட்டும் ஒரு செவ்வகப் பள்ளம் என்று வைத்துக்கொள்கிறேன். ஒரு யூனிட் ஒரு மி.மீ.

சிலிண்டர் சேர்க்கும்போது Vertices 16, Depth 20. ஆனால் Radius-இல் 20 போடாதீர்கள், 20.52 போடுங்கள். விளிம்பு வட்டத்தில் கிரீஸ் 1 கொடுத்தாலும் அந்த வட்டம் சுருங்கத்தான் செய்யும், ஏனென்றால் கிரீஸ் வட்டத்தை மேல்–கீழாக இளகாமல்தான் காக்கிறது, வட்டத்தின் போக்கில் அல்ல. வட்டத்தின் மேல் உள்ள ஒவ்வொரு புள்ளியும் தன் இரு அண்டைப் புள்ளிகளை நோக்கி உள்ளே இழுபடும். 16 புள்ளி வட்டம் 97.46 விழுக்காடாகச் சுருங்கும், 8 புள்ளி வட்டம் 90.24 விழுக்காடாக. 8 புள்ளியில் செய்து, இன்னொரு பாகத்தோடு பொருத்தும்போது இடைவெளி தெரிகிறதே என்று தவிப்பவர்கள் நிறையப் பேர். 8 புள்ளி என்றால் ஆரத்தை 1.108-ஆல் பெருக்குங்கள், 16 என்றால் 1.026-ஆல். பக்கச் சுவரும் அதே அளவுதான் சுருங்குகிறது என்பதால் சுவர் நேராகவே நிற்கும்.

அடுத்து சுவரில் Ctrl+R அடித்து, மவுஸ் சக்கரத்தை உருட்டி 3 வெட்டு வையுங்கள். சுவர் 5 மி.மீ. வீதம் நான்கு வரிசையாகும். மேல் விளிம்புக்குக் கீழே 5 மி.மீ.-இல் ஒரே ஒரு லூப் போதாதா என்று தோன்றும். போதாது. வரிசைகள் சமமாக இல்லாவிட்டால், அந்த லூப்பே பெரிய ஃபேஸின் பக்கம் இழுபடும். 5-இலும் 15-இலும் வரிசை இருந்தால், கிரீஸ் 0-இல் 5 மி.மீ. என்று எதிர்பார்த்த வளைவு 6.7 மி.மீ.-க்கு நீளும். பக்கத்தில் இன்னொரு சமமான வரிசை இருந்தால் சரியாக 5-இல் நிற்கும். லூப்பை எட்ஜுக்கு எவ்வளவு கிட்டே வைப்பது என்று கவலைப்படுகிறவர்கள், அதற்கு அப்பால் என்ன இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

மேல் ஃபேஸைத் தேர்ந்தெடுத்து I அடித்து 5 கொடுங்கள். இப்போது மேல் விளிம்பின் இருபுறமும் h ஐந்து மி.மீ. அளவில் இருக்கிறது, வளைவும் இருபுறமும் சமமாக வரும். இந்த உள்வளையம் இன்னொரு வேலையும் செய்கிறது. இது இல்லாமல் மேல் ஃபேஸை 16 பக்கப் பலகோணமாகவே விட்டால், முதல் சுற்றிலேயே நடுவில் 16 எட்ஜ் சேரும் ஒரு முனை உண்டாகும். விளிம்பின் வளைவு அதுவரை எட்டினால் நடுவில் நட்சத்திரம் போன்ற சுருக்கம் விழும். வளைவை உள்வளையத்துக்குள் அடைத்துவிட்டால் நடுப்பகுதி தட்டையாக இருக்கும். தட்டையான இடத்தில் எத்தனை எட்ஜ் சேர்ந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. அதனால்தான் குமிழின் அடிப்பகுதியைப் பலகோணமாகவே விட்டுவிடலாம்.

மேல் விளிம்பை Alt+கிளிக்கில் பிடித்து Shift+E, .316, Enter. வளைவு 2.5 மி.மீ. ஆகும். அடி விளிம்பைப் பிடித்து Shift+E, 1, Enter. கிரீஸ் உள்ள எட்ஜ்கள் இளஞ்சிவப்பாகத் தெரியும். எண் என்னவென்று பார்க்க N பலகத்தில் Mean Crease இருக்கிறது.

பள்ளமும் அதன் மூலைகளும்

உள்வளையத்துக்குள் உள்ள 16 பக்க ஃபேஸை மட்டும் நீக்கிவிட்டு, அந்த வட்டத்தைத் தேர்ந்து Face மெனுவில் Grid Fill எடுத்து Span 3 வையுங்கள். 3-க்கு 5 என்று கட்டம் வரும், சரியாக நடுவில் ஒரு நிரல் கிடைக்கும். Span 4 என்றால் 4-க்கு 4 ஆகி நடு நிரலே இருக்காது. திசை கோணலாக வந்தால் Offset-ஐ மாற்றுங்கள். நடு நிரலில் அடுத்தடுத்த இரண்டு ஃபேஸைத் தேர்ந்து, I அடித்து 3 மி.மீ. உள்ளே தள்ளி, உள்ளே வந்த நாற்கரத்தின் பக்கங்களை நேராக்கிவிட்டு, E அடித்து 2 மி.மீ. கீழே இறக்குங்கள்.

பெரும்பாலோர் சறுக்குவது இந்தப் பள்ளத்தில்தான். பள்ளத்தின் மேல் வாயைச் சுற்றி கிரீஸ் 1 கொடுத்ததும், மேலிருந்து பார்த்தால் செவ்வகம் நீள்வட்டமாக உருண்டு நிற்கும். கிரீஸ் 1 கொடுத்தும் மூலை ஏன் உருகுகிறது?

ஒரு வெர்டெக்ஸில் எத்தனை கிரீஸ் எட்ஜ் சேர்கிறது என்பதைப் பொறுத்து விதி மாறுகிறது. இரண்டு சேர்ந்தால் அது மூலை அல்ல, ஒரு கோட்டின் மேல் உள்ள புள்ளி. ஒவ்வொரு சுற்றிலும் அதன் புதிய இடம், தன்னை ஆறு பங்கும் கோட்டில் முன்னும் பின்னும் உள்ளவற்றை ஒவ்வொரு பங்கும் எடுத்து எட்டால் வகுத்தது. ஆகவே கோடு வளைந்துகொண்டே போகும். மூன்றோ அதற்கு மேலோ சேர்ந்தால்தான் அது மூலை, அது அசையாது. ஒன்று மட்டும் வந்து முடிந்தால் கிரீஸ் அங்கே மெல்லக் கரைந்துவிடும்.

இதை ஒரு நிமிடத்தில் சோதித்துப் பார்க்கலாம். 2 யூனிட் பக்கமுள்ள சாதாரணக் கனசதுரத்தில் மேல் நான்கு எட்ஜுக்கும் கீழ் நான்குக்கும் கிரீஸ் 1 கொடுங்கள், செங்குத்து எட்ஜ்களைத் தொட வேண்டாம். கிடைப்பது ஏறத்தாழ ஒரு முரசு. அச்சிலிருந்து 1.414 தள்ளி இருந்த மூலை 0.943-க்கு வந்துவிடும். பக்கத்தின் நடு 1-இலிருந்து 0.917-க்கு வரும். இரண்டும் கிட்டத்தட்ட ஒரே தூரம் என்பதால் கண்ணுக்கு வட்டமாகவே தெரியும். செங்குத்து நான்குக்கும் 1 கொடுத்த கணத்தில் அது திரும்பக் கனசதுரமாகிவிடும்.

பள்ளத்துக்கும் அதே மருந்துதான். வாயின் எட்ஜ்கள், நான்கு மூலையின் செங்குத்து எட்ஜ்கள், அடித்தரையின் எட்ஜ்கள் எல்லாவற்றுக்கும் கிரீஸ் 1. அப்போது மேலும் கீழும் எட்டு மூலைகளிலும் மும்மூன்று கிரீஸ் சேரும். நீளப் பக்கத்தின் நடுவில் ஒரு வெர்டெக்ஸ் இருக்கும், அங்கே செங்குத்து எட்ஜுக்குக் கிரீஸ் வேண்டாம். பக்கத்தை முன்பே நேராக்கியிருந்தால் அந்த வெர்டெக்ஸ் நேர்கோட்டிலேயே நிற்கும். நேராக்காமல் விட்டிருந்தால் அங்கே லேசான வயிறு தெரியும், எவ்வளவு கிரீஸ் ஏற்றினாலும் போகாது. இத்தனை எட்ஜையும் கையால் பிடிக்கச் சலிப்பாக இருந்தால் Select மெனுவில் Select Sharp Edges எடுங்கள், 30 பாகைக்கு மேல் மடிந்தவை எல்லாம் வந்துவிடும். ஆனால் குமிழின் மேல் விளிம்பும் அதில் சேர்ந்து வரும். அதைத் தேர்விலிருந்து எடுத்துவிட்டு Shift+E அடியுங்கள்.

எடுத்துப் பார்க்கும்போது

வடிவம் சரியாக இருந்தும், Shade Smooth கொடுத்ததும் அடி விளிம்பை ஒட்டி ஒரு மங்கலான நிழல் பட்டை ஓடலாம். இது கிரீஸின் கோளாறு அல்ல. கிரீஸ் வடிவத்தை மட்டும் மடிக்கிறது. ஒளி எப்படி விழ வேண்டும் என்பதை நார்மல் தீர்மானிக்கிறது, அது விளிம்பின் இருபக்க ஃபேஸ்களுக்கும் சராசரியாகிவிடுகிறது. கிரீஸ் 1 உள்ள எட்ஜ்களை மட்டும் தேர்ந்து Edge மெனுவில் Mark Sharp கொடுங்கள். பிளெண்டர் 4.1-க்கு முந்திய பதிப்பில் Normals பகுதியில் Auto Smooth-ஐயும் இயக்க வேண்டும், அதற்குப் பிந்தியவற்றில் அது தேவையில்லை. 0.316 உள்ள மேல் விளிம்புக்கு Mark Sharp கொடுக்கக் கூடாது. கொடுத்தால் நிஜமான வளைவின் நடுவே ஒரு கோடு வெட்டியது போல் தெரியும்.

Levels Viewport-உம் Render-உம் முதலில் 1, 2 என்று வெவ்வேறாகத்தான் இருக்கும். கிரீஸ் எண்ணை முடிவு செய்யும்வரை இரண்டையும் 3 என்று ஒன்றாக்கிவிடுங்கள். Viewport 1-இல் 2.5 மி.மீ. வளைவைக் காட்டப் போதுமான ஃபேஸ்களே இருக்காது, அதைப் பார்த்து எண்ணைக் கூட்டிக் குறைத்தால் ரெண்டரில் வேறொன்று வரும். Advanced பகுதியில் Use Creases அணைந்திருந்தால் எந்த எண்ணுக்கும் பலன் இல்லை. 0.6-க்கும் 1-க்கும் நடுவில் ஓர் எண் வைத்து, அது எதிர்பார்த்ததைவிட மென்மையாகத் தெரிந்தால், அதே இடத்தில் உள்ள Quality-ஐக் கூட்டிப் பாருங்கள். ஆனால் அந்த எல்லைக்குள் போவதைவிட ஒரு லூப்பைக் கிட்டே கொண்டுவந்து 0.316-இல் நிற்பது நல்லது. கூர்மை 5, 6 என்றால் வளைவு அவ்வளவு ஒல்லியாகிவிடும், அதைக் காட்டப் பல சுற்றுப் பிரிப்பு வேண்டும், ஒவ்வொரு சுற்றும் ஃபேஸ் எண்ணிக்கையை நான்கு மடங்காக்கும்.

ஒளிக்கீற்று ஓட வேண்டிய விளிம்பில் கிரீஸ் 1-உம் வைக்க வேண்டாம் என்கிறேன். எப்பேர்ப்பட்ட கூரான பொருளிலும் விளிம்பில் ஒரு மயிரிழை வளைவு இருக்கும், வெளிச்சம் அதில்தான் பிடிக்கும். கிரீஸ் 1-இல் அந்த இழை இல்லை, அதனால் ரெண்டரில் பொருள் காகிதத்தில் வெட்டி ஒட்டியது போல் இருக்கும். குமிழின் அடி விளிம்பு பலகையில் பதிந்து மறைந்துவிடுகிறது, அங்கே 1 தாராளமாக இருக்கலாம். பள்ளத்தின் வாய் கேமராவுக்கு அருகில் வரும் என்றால் 1-ஐ விட்டுவிட்டு, வாயைச் சுற்றி வெளியே ஒரு மி.மீ.-இல் ஒரு லூப்பும் உள்சுவரில் ஒரு லூப்பும் வைத்து, மூலைச் செங்குத்துகள் உட்பட எல்லாவற்றுக்கும் 0.447 கொடுங்கள். கால் மி.மீ. அளவில் வளைவு கிடைக்கும், மூலையும் பெரிதாகக் கலையாது.

சரிபார்க்க, Solid காட்சியில் கோடு கோடான ஒரு MatCap-ஐப் போட்டுக் குமிழைச் சுழற்றுங்கள். மேல் விளிம்பைத் தாண்டும்போது கோடுகள் சீராக வளைந்து தொடர வேண்டும். ஓரிடத்தில் மட்டும் கிள்ளியது போல் நெருங்கினால், வட்டத்தில் ஏதோ ஒரு எட்ஜுக்கு வேறு எண் போயிருக்கிறது. ஒரு நல்ல எட்ஜைத் தேர்ந்து Shift+G, Crease அடித்தால் அதே எண் உள்ளவை மட்டும் ஒளிரும், விடுபட்டது உடனே அகப்படும்.

கோப்பை வேறு மென்பொருளுக்கு அனுப்புவதாக இருந்தால், யூ.எஸ்.டி., அலெம்பிக் இரண்டும் கிரீஸைச் சுமந்துபோகும். எஸ்.டி.எல்., ஜி.எல்.டி.எஃப். வடிவங்களில் கிரீஸுக்கு இடமே கிடையாது, பிளெண்டரிலிருந்து போகும் ஓ.பி.ஜே.-யிலும் அது வராது. அவற்றுக்கு மாடிஃபையரை Apply செய்த நகலை அனுப்பிவிட்டு, Apply செய்யாத மூல மெஷ்ஷை உங்களிடம் தனியே வைத்துக்கொள்ளுங்கள். Apply செய்த மெஷ்ஷில் லூப்பையும் கிரீஸையும் திரும்பப் பிடிக்க வழியில்லை.